வாட்ஸ்அப், சிக்னல் எல்லாம் என்கிரிப்ட் ஆனதுதானே, என்ன பேசினேன் என்பதை நடுவில் யாராலும் படிக்க முடியாதே? யாருடன் எப்போது பேசினேன் என்பது மட்டும் தெரிந்தால் என்ன கெட்டுவிடும்? இப்படித்தான் நீங்களும் கேட்பீர்கள்.

சில வருடங்கள் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பில்லிங் பிரிவில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க எங்கள் கண்முன் ஓடியது சி.டி.ஆர். என்று நாங்கள் சொல்லும் அழைப்புப் பதிவுகள்தான். ஓர் அழைப்புக்கு ஒரு வரி. யார் யாரை அழைத்தார், எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி, எந்த டவரின் எந்தப் பக்கத்திலிருந்து, எந்தக் கைபேசியில் என்பதெல்லாம் அதில் இருக்கும். என்ன பேசினார்கள் என்பதை எழுத அந்த வரியில் இடமே கிடையாது.

என் நண்பர் ஒருவர் உங்களைப் போலவேதான் கேட்டார். வாக்குவாதம் முற்றி, தன்னுடைய பதிவுகளை டவர் எண்ணோடு தரும்படி தன் சேவை நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு வாங்கி, மூன்று வாரத்துக்கானதை என்னிடம் கொடுத்தார். "இதை வைத்து என்னைப் பற்றிச் சொல், பார்ப்போம்" என்றார். (அவர் அனுமதியோடுதான் இங்கே எழுதுகிறேன். எண்களையும் தேதிகளையும் மாற்றியிருக்கிறேன்.)

முதல் அரை மணி நேரத்தில் கிடைத்தது சப்பென்ற விஷயங்கள். இரவு பதினொன்று முதல் காலை ஆறு வரை போன் ஒட்டியிருக்கும் டவர் வீடு. வார நாட்களில் பத்து முதல் ஆறு வரை இருக்கும் டவர் அலுவலகம். ஞாயிறு மாலை தவறாமல் எட்டு, பத்து நிமிடம் பேசும் ஓர் எண்: நெருங்கிய சொந்தம், ஆனால் கூட இல்லாதவர். அதை N1 என்று குறித்துக்கொண்டேன். பிறகு இந்த வரிகள் வந்தன:

```
TYPE  OTHER  START              SEC   CELL
IN    N7     2023-05-09 09:42    48   4127-2
OUT   N1     2023-05-09 09:45  1312   4127-2
OUT   N3     2023-05-09 10:31   205   4127-2
OUT   N9     2023-05-10 11:20   640   4127-2
DATA  -      2023-05-12 02:14     -   2051-3
DATA  -      2023-05-12 03:40     -   2051-3
```

4127-2 அலுவலக டவர். N7 இதற்கு முன் பதிவில் இல்லாத எண். இணையத்தில் தேடினால் அது ஒரு பரிசோதனைக் கூடம். செவ்வாய்க்கிழமை காலை அங்கிருந்து 48 விநாடி அழைப்பு. அது முடிந்து மூன்றாவது நிமிடமே N1-க்கு 1312 விநாடி, அதாவது ஏறக்குறைய இருபத்திரண்டு நிமிடம். ஞாயிறு தவிர வேறு நாளில் பேசாத ஆளுக்கு வேலை நேரத்தில் அவ்வளவு நேரம். பிறகு N3, அலுவலகத்தில் அடிக்கடி பேசும் எண். மேலதிகாரியாக இருக்கலாம், விடுப்பு கேட்டிருக்கலாம். மறுநாள் N9, ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண், பத்து நிமிடத்துக்கு மேல்.

12-ஆம் தேதி முதல் ஐந்து இரவுகள் போன் வீட்டு டவரில் இல்லை, 2051-3-இல் இருக்கிறது. இதில் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைக் கவனியுங்கள். ஒரு டவர் பெரும்பாலும் மூன்று திசைகளாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 பாகை. அதைத்தான் செக்டர் என்பார்கள். டவர்கள் நெருக்கமாக இருக்கும் நகரத்தில் ஒரு செக்டர் என்பது சில தெருக்கள்தான். டவர் இருக்கும் இடங்களைத் தொகுத்துவைத்திருக்கும் OpenCelliD போன்ற பொதுத் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அந்தத் திசையில் பெரிதாக இருந்தது ஒரு மருத்துவமனை. இரவு இரண்டு மணிக்கும் மூன்றே முக்காலுக்குமாக டேட்டா பயன்பாடு, ஆள் தூங்கவில்லை போலும்.

"உனக்கு ஏதோ அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. சொல்லவே இல்லையே" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கில்லை, அப்பாவுக்கு" என்றார். N1 அவருடைய அண்ணன்.

வீட்டுக்கு வந்து மறுபடி பட்டியலைப் பார்த்தேன். அந்த ஐந்து நாளும் காலை ஏழு மணி வாக்கில் போன் நாற்பது நிமிடம் வீட்டு டவருக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. படுக்கையில் கிடக்கும் நோயாளி தினமும் குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போவாரா? துணைக்கு இருப்பவர்தான் போவார். பதிவு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, நான்தான் தவறாகப் படித்தேன்.

இது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், தாமாக முன்வந்த 823 பேரின் அழைப்பு, குறுஞ்செய்திப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வெளியானது. அதில் ஒருவருக்கு இதய மருத்துவர்களிடமிருந்து நீண்ட அழைப்பு வந்திருந்தது. பரிசோதனைக் கூடத்துடனும் மருந்துக் கடையுடனும் பேசியிருந்தார். இதயத் துடிப்புக் கோளாறைக் கண்காணிக்கும் கருவி ஒன்றின் உதவி எண்ணையும் அழைத்திருந்தார். அவருக்கு அந்தக் கோளாறு இருப்பது பிறகு உறுதியானது. ஒவ்வோர் அழைப்பும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. அடுத்தடுத்து வந்த வரிசைதான் காட்டிக்கொடுத்தது.

"இதெல்லாம் சாதாரண கால். செயலியில் பேசினால்?" என்பீர்கள். நண்பரும் அதைத்தான் கேட்டார். இங்கே இரண்டு ஆட்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒருவர் உங்கள் தொலைபேசி நிறுவனம். நீங்கள் செயலியில் செய்தி அனுப்பினால் அவர்களுக்குத் தெரிவது உங்கள் போன் இன்ன நேரத்தில் இன்ன சர்வருடன் இவ்வளவு டேட்டா பரிமாறியது என்பதுதான். எதிர்முனையில் யார் என்பது தெரியாது. குரல் அழைப்பு மட்டும் விதிவிலக்கு: பல செயலிகள் தரம் கூடுவதற்காக இரண்டு போன்களையும் நேரடியாக இணைத்துவிடும், அப்போது இணையத்தில் எதிர்முனைப் போனை அடையாளம் காட்டும் ஐ.பி. முகவரி வெளியே தெரியும். அதை மறைக்க வாட்ஸ்அப்பில் Protect IP address in calls என்ற அமைப்பு இருக்கிறது. ஆனால் இடம் விஷயத்தில் எந்தச் செயலியும் உதவாது. நண்பரின் பட்டியலில் மருத்துவமனையைக் காட்டியவை DATA வரிகள்தானே? அந்த நேரத்தில் அவர் யாருடனும் பேசவே இல்லை.

இன்னொருவர் செயலியை நடத்துபவர். செய்தி அவர்கள் சர்வர் வழியாகத்தான் போகிறது. உறை பிரிக்கப்படாவிட்டாலும் முகவரியைப் பார்க்காமல் தபால் பட்டுவாடா நடக்காது. அதைக் குறித்துவைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அவர்கள் கையில்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2018-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லலாம். நிதித் துறை அதிகாரி ஒருவர் வங்கிகளின் ரகசிய அறிக்கைகளைப் பத்திரிகையாளருக்குக் கொடுப்பதாகச் சந்தேகம். உள்ளடக்கத்தைத் தொடாமல், எந்த எண் எந்த எண்ணுடன் எப்போது தொடர்புகொள்கிறது என்பதை மட்டும் பதிவு செய்ய நீதிமன்ற உத்தரவு வாங்கினார்கள். அது அமலுக்கு வந்த ஆறு மணி நேரத்துக்குள் மாட்டியது: ஆகஸ்ட் 1, நள்ளிரவு 12:33 முதல் 12:54 வரை, அந்த அதிகாரியின் போனுக்கும் பத்திரிகையாளரின் போனுக்கும் இடையே என்கிரிப்ட் செய்யப்பட்ட செயலி வழியாகச் சுமார் 70 செய்திகள். முந்தின நாள்தான் அந்தப் பத்திரிகையாளரின் கட்டுரை ஒன்று வெளியாகியிருந்தது. ஒரு செய்தியைக்கூட அப்போது யாரும் படிக்கவில்லை. எழுபது செய்திகள் நள்ளிரவில், கட்டுரை வந்த கையோடு என்ற அளவிலேயே குற்றப்பத்திரத்தில் அது ஓர் ஆதாரமாக இடம்பெற்றது. செய்திகளின் உள்ளடக்கம் பிறகு போனைச் சோதனையிட்டபோது கிடைத்தது. 2021-இல் அந்த அதிகாரிக்கு ஆறு மாதச் சிறை.

சிக்னலிடம் 2016-இல் இதுபோல ஒரு சம்மன் போனது. அவர்களால் கொடுக்க முடிந்தவை இரண்டே இரண்டு: கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எந்த நாள் இணைப்புக்கு வந்தது. மற்றதை அவர்கள் சேமித்து வைப்பதே இல்லை. "எல்லாச் செயலியும் என்கிரிப்ட் ஆனதுதானே" என்று ஒரே தட்டில் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுதான்.

"பெயரை எடுத்துவிட்டால் ஆபத்து இல்லை" என்றும் சொல்வார்கள். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பெயரில்லாத 15 லட்சம் பேரின் 15 மாத டவர் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் இன்ன மணிக்கு இன்ன டவர் பக்கம் இருந்தார் என்ற தகவல் நான்கே நான்கு கிடைத்தால் போதும், 95 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிட முடிந்தது. வீடும் அலுவலகமும் சேர்ந்த ஜோடியே பாதி வேலையைச் செய்துவிடும். உங்கள் வீட்டுப் பக்கமிருந்து உங்கள் அலுவலகப் பக்கம் தினமும் போய்வருபவர் வேறு எத்தனை பேர், எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் தப்பு. டவர் பதிவு தெய்வ வாக்கு இல்லை. பக்கத்து டவரில் நெரிசல் என்றால் போன் தூரத்து டவரைப் பிடிக்கும். போன் ஒருவர் கையில், ஆள் வேறிடத்தில் இருக்கலாம். டென்மார்க்கில் 2019-இல், நிறுவனங்கள் தரும் மூலப் பதிவைக் காவல்துறை பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றிய மென்பொருளே சில வரிகளை விழுங்கிவிட்டது தெரியவந்தது. இரண்டு மாதம் அந்த ஆதாரத்தை நீதிமன்றத்தில் பயன்படுத்துவதையே நிறுத்திவைத்து, சுமார் 10,700 வழக்குகளை மறுபடி பரிசீலிக்க உத்தரவிட்டார்கள். விசாரணைக் காவலில் இருந்த 32 பேர் விடுவிக்கப்பட்டார்கள். நண்பர் விஷயத்தில் நான் நோயாளியை மாற்றிச் சொன்னதும் அந்த ரகம்தான். என் முன்னால் நண்பர் இருந்தார், திருத்தினார். பட்டியலைக் கடன் கொடுப்பவரோ காப்பீட்டுக்காரரோ படித்திருந்தால் யார் திருத்தியிருப்பார்கள்?

கடைசியாக, பின்னூட்டத்தில் கண்டிப்பாக வரும் இரண்டு கேள்விகளுக்கு இப்போதே பதில். சிம் மாற்றினால் போதுமா? போதாது, ஒவ்வொரு கைபேசிக்கும் தனியாக இருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் அதே வரியில் பதிவாகிறது. பழைய சிம்மையும் புதிய சிம்மையும் அது ஒட்டவைத்துவிடும். போனை அணைத்துவிட்டால்? அந்த நேரத்து இடம் பதிவாகாது, ஆனால் அந்த இடைவெளியே பட்டியலில் தெரியும். இரவும் பகலும் அணைக்காத போன் ஒரு சனிக்கிழமை மாலை மூன்று மணி நேரம் காணாமல் போகிறது, அதே மூன்று மணி நேரம் அதே டவரில் இன்னொரு போனும் காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலைப் படிப்பவர் அந்த இரண்டு எண்களையும்தான் முதலில் குறித்துக்கொள்வார்.