நோன்பு மாதத்தில் தசையைக் காப்பது: கேள்வி பதில்

திருச்சி: பாய், வயசு 28, எடை 70 கிலோ. வாரம் நாலு நாள் ஜிம். போன ரமலானில் 3 கிலோ இறங்கி, கை சின்னதாயிடுச்சு. இந்தத் தடவை என்ன சாப்பிடணும்?

அந்த 3 கிலோவையும் தசை என்று எழுதிவிடாதீர்கள். முதல் வாரத்திலேயே சட்டென்று இறங்கி, பெருநாள் முடிந்து இரண்டு வாரத்தில் திரும்பியிருந்தால், அதில் பெரும்பகுதி தண்ணீரும் தசைக்குள் சேமித்து வைக்கும் கிளைகோஜனும்தான். கிளைகோஜன் தன் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீரைச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். அது வற்றினால் கை சின்னதாகத்தான் தெரியும். உண்மையில் தசை போனதா என்பதைக் கண்ணாடியைவிடத் தூக்கும் எடைதான் சொல்லும்.

சாப்பாட்டுக்கு வருவோம். எடைப் பயிற்சி செய்கிறவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். உங்களுக்கு 112 கிராம். மஃரிபிலிருந்து ஃபஜ்ர் வரை உங்களிடம் இருப்பது ஏறத்தாழ பதினொரு மணி நேரம். அதற்குள் மூன்று முறை உட்கார வேண்டும். பலர் தவறவிடுவது மூன்றாவதை, அதாவது சஹரை.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம், தண்ணீர், பள்ளிவாசல் கஞ்சி ஒரு கிண்ணம், ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலை. இதில் 20 கிராம் வரும். இரவுச் சாப்பாட்டில் சோற்றோடு எலும்பில்லாத சமைத்த கோழி 150 கிராம் வைத்தால் 47. தூங்கப் போகும் முன் ஒரு பெரிய டம்ளர் பால், 8. சஹருக்கு மூன்று முட்டை, இரண்டு சப்பாத்தி, ஒரு கப் கெட்டித் தயிர், ஒரு டம்ளர் பால் என்றால் 37. கூட்டிப் பாருங்கள், 112 வந்துவிடும். பவுடரே வேண்டியதில்லை. சஹரை விட்டுவிட்டுத் தூங்கினால் அந்த 37-ஐ இரவுச் சாப்பாட்டில் ஏற்ற வேண்டும். வயிறு ஒத்துழைக்காது.

கோழியின் எடையில் ஒரு எச்சரிக்கை. கடையில் 200 கிராம் என்று எலும்போடு வெட்டிக் கொடுத்தால், சமைத்தபின் தட்டில் சதை 100 கிராம் தேறினாலே அதிகம். ‘கோழி சாப்பிட்டேன்’ என்று எழுதிக்கொள்கிற கணக்கெல்லாம் இங்கேதான் பிசகுகிறது.

மேலப்பாளையம்: ஒரு வேளைக்கு 30 கிராமுக்கு மேல் உடம்பு ஏத்துக்காது, மிச்சம் வீண்தானே? அப்போ நோன்பில் 112 எப்படிச் சேரும்?

பாதி சரி. குடல் அத்தனையையும் உறிஞ்சிக்கொள்ளும், எதுவும் வீணாகப் போகாது. 30 என்பது வேறு கணக்கிலிருந்து வந்தது. ஒரு வேளையில் தசை கட்டும் வேகம் ஓரளவுக்கு மேல் ஏறுவதில்லை. கிலோவுக்கு 0.4 கிராம் அளவில் அது தட்டையாகிறது என்பது பழைய கணிப்பு. ஆனால் பயிற்சி முடிந்ததும் ஒரே வேளையில் 100 கிராம் கொடுத்துப் பார்த்த 2023-ஆம் ஆண்டு ஆய்வில், தசை கட்டும் வேலை குறைந்த அளவு கொடுத்தபோது நடந்ததைவிடப் பல மணி நேரம் நீண்டது. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. மூன்றாகப் பிரிக்கச் சொல்வதற்கு என் காரணம் வேறு: 100 கிராம் புரதத்தை ஒரே தட்டில் தின்று முடிக்க எந்த வயிறும் ஒப்புக்கொள்ளாது.

காயல்பட்டினம்: வீட்டுல நாலு பேர், எல்லாரும் கஞ்சிதான் கேக்குறாங்க. கஞ்சியும் சமோசாவும் தின்னுட்டு இரவுச் சாப்பாடு வேணாங்குறாங்க. கஞ்சியிலேயே புரதம் ஏத்த முடியுமா தம்பி?

முடியும் அக்கா. நம்ம வழக்கக் கஞ்சியில் அரிசிதான் பிரதானம். 200 கிராம் நொய்யரிசி, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, பேருக்குக் கொஞ்சம் கைமா என்று போட்டு ஆறு கிண்ணம் வடித்தால், ஒரு கிண்ணத்துக்கு 8 கிராம்தான் வரும்.

மாற்றிப் பாருங்கள். நொய் 100 கிராம், பாசிப்பருப்பு 100 கிராம், கைமா கால் கிலோ. அரிசியில் 7, பருப்பில் 24, கைமாவில் 50 என்று வைத்தால் மொத்தம் 81 கிராம். நாலு கிண்ணமாகப் பிரித்தால் ஆளுக்கு 20.

பருப்பு கூடும்போது இரண்டு இடத்தில் கெடும். ஒன்று, பாசிப்பருப்பு நுரைத்து குக்கர் விசில் வழியாகப் பொங்கும். ஐந்து லிட்டர் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். அரிசியும் பருப்பும் வெந்தயமும் அரை மணி நேரம் ஊறியபின் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரோடு வேகவிட்டு, மீதித் தண்ணீரைத் திறந்தபின் கொதிக்கக் கொதிக்கச் சேருங்கள். இரண்டு, அடி பிடிக்கும். கைமாவை அதே குக்கரில் போடாமல், வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டோடு தனியே வதக்கி, நீர் வற்றி வெந்ததும் கடைசியில் கலந்தால் அடியில் ஒட்டாது. தேங்காய்ப் பால் ஊற்றியபின் கொதிக்க விடக் கூடாது, திரிந்துவிடும்.

பருப்புக் கஞ்சி ஆற ஆறக் களியாக இறுகும். மஃரிபுக்கு அரை மணி முன் செய்திருந்தால் ஒரு டம்ளர் வெந்நீர் விட்டுக் கிளறி, உப்புப் பாருங்கள். சமோசாவை நிறுத்தச் சொல்லமாட்டேன், ஆளுக்கு ஒன்று போதும். எண்ணெய்ப் பலகாரம் மூன்று நாலு உள்ளே போனால் வயிறு கனத்து, இரவுச் சாப்பாட்டைத் தள்ளுகிறது. உங்கள் வீட்டில் நடப்பது அதுதான்.

சிங்கப்பூர்: பகலில் பசி எடுக்கும்போது வே புரோட்டீனைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கலாமா? கலோரி கம்மிதானே?

நீங்கள் 16 மணி நேர விரதத்தை நினைத்துக் கேட்கிறீர்கள் போல. ரமலான் நோன்பில் பகலில் தண்ணீரே கிடையாது, வே எங்கே? உங்கள் விரதத்திலும் அதைக் குடித்தால் விரதம் முடிந்தது, அது உணவுதான். நோன்பாளிகளுக்கு வே பயன்படும் இடம் இரவில். ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் பக்கம் கிடைக்கும். கோழி சமைக்காத நாளில் அது கைகொடுக்கும்.

வாணியம்பாடி: பயிற்சி எப்போ? நோன்பு வச்சிக்கிட்டு வெயிட் அடிச்சா உடம்பு தசையைத்தான் முதல்ல எரிக்கும்னு ஜிம்ல சொல்றாங்க.

முதலில் எரிவது தசை இல்லை. பகலில் கல்லீரலின் சர்க்கரை இருப்பு இறங்க இறங்க, உடம்பு கொழுப்பின் பக்கம் திரும்பும். பதின்மூன்று பதினாலு மணி நேரத்தில் தசையைக் கரைத்துத் தின்னும் நிலை வராது, இரவில் புரதம் சரியாகப் போனால். ஆனால் பகல் பயிற்சியில் தண்ணீர் இல்லை. தலைசுற்றல், செட்டின் நடுவே கை தளர்வது எல்லாம் அதனால்தான்.

இரண்டு நேரம் ஒத்துவரும். தராவீஹ் முடிந்து ஒன்பதரைக்கு மேல் என்றால் வயிற்றில் கஞ்சியும் தண்ணீரும் இருக்கும், பலம் முழுதாக வரும். பயிற்சி முடித்து இரவுச் சாப்பாடு. குறை ஒன்றுதான்: படுக்கும்போது பன்னிரண்டு, சஹருக்கு நாலேகால். தூக்கம் நாலு மணி நேரமாகச் சுருங்கினால் புரதத்தால் அதை ஈடுகட்ட முடியாது. லுஹருக்குப் பிறகு ஒரு மணி நேரம் படுக்க முடிகிறவர்கள் மட்டும் இதை எடுங்கள். மற்றவர்களுக்கு மஃரிபுக்கு 45 நிமிடம் முன். முடித்ததும் தண்ணீர் கையில் இருக்கும்.

எந்த நேரமானாலும், கம்பியில் ஏற்றும் எடையைக் குறைக்காதீர்கள், செட்டுகளைக் குறையுங்கள். மார்புக்கு வாரம் 15 செட் செய்கிறவர் 8 போதும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: எடையைப் பாதியாக்கி, இருபது இருபதாக எண்ணுகிறார்கள். இருக்கும் தசையை வைத்துக்கொள்ள உடம்புக்குக் கனமான வேலைதான் காரணம் காட்டும். இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் என்ற நிலையில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாணியம்பாடிக்கு மறுமொழி, நாகூரிலிருந்து: அண்ணே, நான் நாலு வருஷமா மஃரிபுக்கு முன்னாடி முழு செட்டும் அடிக்கிறேன், ஒண்ணும் ஆகல. குறைக்கவே வேண்டாம்.

உங்கள் நோட்டில் பளு இறங்கவில்லை என்றால் குறைக்க வேண்டியதில்லை, தம்பி. உங்களுக்கு வேலை நிழலில் இருக்கலாம், தூக்கம் நன்றாக இருக்கலாம். பகல் முழுக்க வெயிலில் நின்று கட்டட வேலை பார்க்கிறவருக்கு அதே அளவைச் சொல்ல மாட்டேன்.

கல்முனை: சஹருக்கு எழும்பினா வாந்தி வார மாதிரி இருக்கு, முட்டை வாசமே ஆகாது. என்ன செய்யுறது?

முட்டையை விட்டுவிடுங்கள். கெட்டித் தயிர் 300 கிராமில் பத்துப் பத்தரை கிராம் இருக்கும். அதில் இரண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடி ஊறவைத்த அவல், ஒரு ஸ்கூப் வே போட்டு அடித்தால் 35 தாண்டும். மென்று தின்ன வேண்டியதில்லை. பாலும் தயிரும் மெதுவாகச் செரிப்பவை என்பதால் இந்த வேளைக்குப் பொருத்தம். குமட்டல் பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்குத் தின்ற பிரியாணி இன்னும் இறங்காததால் வருகிறது. முதலில் அதை முன்னே தள்ளிப் பாருங்கள்.

கீழக்கரை: எங்க வாப்பாவுக்கு 64. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை எடுக்குறாங்க. நோன்பில் கால் தசை மெலிஞ்சு படி ஏறவே சிரமப்படுறாங்க. புரதப் பவுடர் கொடுக்கலாமா?

பவுடருக்கு முன்னால் மாத்திரை. கிளிமிபிரைடு சாப்பாடு இல்லாத நேரத்திலும் சர்க்கரையை இறக்கும். நோன்பு தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்து அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும், நீங்களாக மாற்றக் கூடாது. பகலில் விரலில் குத்திப் பார்த்து 70-க்குக் கீழே போனால் அந்த நோன்பை முறிக்க வேண்டும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் வந்தால் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் சர்க்கரை கொடுங்கள்.

அடுத்து கிரியாட்டினின் பரிசோதனை. சிறுநீரகம் பழுதில்லை என்று தெரிந்தால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை போகலாம். வயதான தசை சிறிய அளவுப் புரதத்துக்கு அசையாது. இரவிலும் சஹரிலும் தலா 25-லிருந்து 30 கிராம் சேர்ந்து போக வேண்டும். மீன் நல்லது, பல்லுக்கும் இதம். மெலிந்த காலுக்குச் சாப்பாடு மட்டும் போதாது. இஃப்தாருக்கு ஒரு மணி நேரம் கழித்து, நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். எட்டுத் தடவை, மூன்று முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதலில் எட்டு வராது. உயரமான நாற்காலியில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் தாழ்வான நாற்காலிக்கு மாற்றுங்கள்.

திருச்சி (மறுபடி): அப்போ தசை போகுதான்னு நடுவுல எப்படித் தெரிஞ்சுக்கிறது பாய்?

சஹருக்கு எழுந்து, சிறுநீர் கழித்து, ஒன்றும் குடிக்கும் முன் எடை பாருங்கள். இஃப்தாருக்குப் பின் பார்ப்பது கஞ்சியின் எடை. முதல் வாரத்தை விட்டுவிடுங்கள். அதன்பின் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குள் இறங்கி, இடுப்பளவும் குறைந்து, பெஞ்சில் ஒரே எடையில் எண்ணிக்கை அப்படியே நின்றால் போனது கொழுப்பு. இடுப்பு அப்படியே இருக்க, எட்டு முறை தூக்கியது இரண்டு வாரம் தொடர்ந்து ஐந்தாகக் குறைந்தால் தவறு நடக்கிறது. அப்போது புரதத்துக்கு முன் மொத்தச் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பாருங்கள். இரவில் ஒரு கப் சோறு கூட்டினாலே சிலருக்கு அந்த எட்டு திரும்பிவிடும்.