எஸ்டேட் பிள்ளைகள், டவுன் பிள்ளைகள்: ஒரே வகுப்பில் இரண்டு கட்சி

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். நாற்பது பிள்ளைகளில் பாதிப் பேர் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயன்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், மீதி டவுன். தனித்தனியாகத்தான் உட்காருகிறார்கள், ஒருவரை ஒருவர் மட்டமாகப் பேசுகிறார்கள். சரி, பழகட்டும் என்று உட்கார்ந்த வரிசைப்படியே இரண்டு அணியாகப் பிரித்து வினாடி வினா வைத்தேன். சண்டை கூடிவிட்டது. எங்கே பிசகியது?

பதில்: பிள்ளைகள் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த கோட்டுக்கு, வினாடி வினா வெற்றி தோல்வி என்ற கணக்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. கோடு எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும் இது நடக்கும்.

ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். திரையில் தெரிந்த புள்ளிகளைக் கூடுதலாக எண்ணினாயா, குறைவாக எண்ணினாயா என்பதுதான் அவர்களிடம் சொன்ன காரணம். உண்மையில் அதுகூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டு பிரித்ததுதான். தன் குழு எது என்பது மட்டும் ஒவ்வொருவனுக்கும் தெரியும், மற்றவர்களில் யார் எந்தக் குழு என்று தெரியாது. தன் குழுவில் ஒருவனுக்கும் எதிர்க்குழுவில் ஒருவனுக்கும் காசாக மாறும் புள்ளிகளைப் பங்கிட வேண்டும், தனக்கு எதுவும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு பட்டியலில் ஒரு முனை: நம் ஆளுக்கு 19, அவர்கள் ஆளுக்கு 25. மறுமுனை: நம் ஆளுக்கு 7, அவர்களுக்கு 1. முதல் முனையில்தான் தன் குழுவுக்குக் கிடைப்பது அதிகம், 7-க்குப் பதில் 19. ஆனாலும் பையன்களின் மனம் வித்தியாசம் கிடைக்கும் பக்கமே இழுத்தது. நம் கைக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அவர்களைவிட மேலே நிற்க வேண்டும்.

இதை விளக்கத்தான் தாஜ்ஃபெலும் ஜான் டர்னரும் 1979-இல் சமூக அடையாளக் கோட்பாட்டை எழுதினார்கள். ‘நான் யார்’ என்பதில் ஒரு பங்கு ‘நாங்கள் யார்’ என்பதிலிருந்து வருகிறது. அதனால் எங்கள் கூட்டம் உயர்ந்ததாகத் தெரிய வேண்டும். அதற்கு ஒப்பிட இன்னொரு கூட்டம் வேண்டும். பெரும்பாலும் இது வெறுப்பில் தொடங்குவதில்லை, நம்மவருக்குச் சலுகை காட்டுவதில் தொடங்குகிறது. உங்கள் ஆசிரியர் அறையிலேயே பாருங்கள்: நிரந்தர ஆசிரியர் தாமதமாக வந்தால் பஸ் லேட், தற்காலிக ஆசிரியர் வந்தால் பொறுப்பில்லாதவர். எந்த அலுவலகத்திலும் இந்தக் கணக்கு ஓடுகிறது. சொல்கிறவருக்கு அது பாரபட்சமாகவே தெரியாது, அதுதான் இதில் எனக்குக் கவலை.

என்ன செய்யலாம்? உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டினில், இன வேறுபாட்டால் கொதித்துக் கிடந்த பள்ளிகளில் செய்த ‘ஜிக்சா’ முறை உங்களுக்குப் பொருந்தும். நாற்பது பேரை ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழுக்களாக்குங்கள். ஒவ்வொன்றிலும் இரு பக்கத்தாரும் குறைந்தது இரண்டு பேர் இருக்கட்டும், ஒற்றையாக யாரையும் விடாதீர்கள். ‘நீலகிரி’ பாடத்தை ஐந்தாக வெட்டுங்கள்: கூடலூரை நனைக்கும் தென்மேற்குப் பருவமழை, கோத்தகிரிக்கு முக்கியமான வடகிழக்குப் பருவமழை, சோலைக்காடு, பைக்காரா மின்சாரம், தேயிலை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பகுதி மட்டும். ஒரே பகுதி வந்தவர்கள் எட்டுப் பேரும் முதலில் கூடிப் படித்துப் பேசட்டும், அப்புறம் தன் குழுவுக்குத் திரும்பிச் சொல்லிக்கொடுக்கட்டும். தேர்வு தனித்தனியாக, ஐந்து பகுதியிலும். பைக்காரா பற்றித் தெரிய வேண்டுமென்றால் லயன் வீட்டுப் பிள்ளை சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். தேயிலையை மட்டும் எஸ்டேட் பிள்ளைகளுக்கு ஒதுக்காதீர்கள். கோடு மறுபடி விழும்.

முதல் சில நாள் சரியாக வராது. வாசிக்கத் திணறும் பிள்ளையைக் குழு கிண்டல் செய்யும். அப்போது உபதேசம் வேண்டாம், “அவனிடம்தான் அந்தப் பகுதி இருக்கிறது, கேள்வி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்” என்றால் போதும். குழுக்களுக்கிடையே புள்ளிப் பலகை வைக்காதீர்கள், அது பழைய வினாடி வினாவேதான். வாரம் இரண்டு மூன்று வகுப்பாக ஆறு வாரமாவது ஓட்டிப் பாருங்கள். பலன் தெரிவது பாட வேளையில் இல்லை: மதியச் சாப்பாட்டில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், நோட்டை யாரிடம் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள்.

ஒரு வரம்பு உண்டு. உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இலேயே சொன்னது இது: இரு தரப்பும் சம நிலையில் சந்தித்தால்தான், மேலிருப்பவர்களும் அதற்குத் துணை நின்றால்தான் பழகுவது பாரபட்சத்தைக் குறைக்கும். மாலைச் சிறப்பு வகுப்பு முடிவதற்குள் எஸ்டேட் பஸ் கிளம்பிவிடுகிறதா? அப்படியானால் அந்தப் பிள்ளைகள் மதிப்பெண்ணில் பின்தங்குவார்கள், ‘அவர்கள் மந்தம்’ என்ற பேச்சுக்கு நாமே சாட்சி தேடிக் கொடுத்ததாகிவிடும். ஜிக்சா தொடங்குவதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் பேசி அந்த வகுப்பைக் காலை நேரத்துக்கு மாற்றுங்கள்.