சாயும் கற்பூர மரமும் கோணத்தோடு மாறும் திருப்பு விசையும்

கேள்வி: திருப்பு விசை கோணத்துக்குக் கோணம் மாறினால் W = τθ போடக் கூடாதாமே? அப்புறம் இயக்க ஆற்றலை எப்படிக் கண்டுபிடிப்பது? நிஜ உதாரணம் இருந்தால் நல்லது.

நான் இருப்பது கோத்தகிரிப் பக்கம். இங்கே சரிவில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்தான்) வெட்டுவதை யாரும் பார்த்திருப்பார்கள், அதையே எடுத்துக்கொள்கிறேன். சாய வேண்டிய பக்கம் வாய் பிளந்த மாதிரி ஒரு வெட்டு, எதிர்ப்பக்கம் ரம்பத்தால் ஒரு அறுப்பு. நடுவில் அறுக்காமல் விட்ட மரத்துண்டு கதவுக் கீல் போல வேலை செய்கிறது. மரம் அதைச் சுற்றித்தான் சுழல்கிறது.

நீளம் L = 20 மீ, நிறை M = 1200 கிலோ என்று வைப்போம். இப்போதைக்கு அடி முதல் நுனி வரை ஒரே பருமன். செங்குத்திலிருந்து θ கோணம் சாய்ந்திருக்கும்போது புவியீர்ப்பு தரும் திருப்பு விசை:

τ = Mg(L/2) sin θ = 117600 sin θ (நியூட்டன் மீட்டர்)

நேராக நிற்கும்போது இது பூஜ்யம், படுக்கும்போது உச்சம். எந்த θ-வின் τ-வை எடுத்துப் பெருக்குவது? அதனால்தான் கோணத்தைச் சின்னச் சின்ன dθ-க்களாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் அப்போதைய τ-வைப் பெருக்கிக் கூட்டுகிறோம்:

W = ∫ τ dθ = 117600 (cos θ₁ − cos θ₂)

சமதரையில் θ₁ = 0, θ₂ = 90°. W = 117600 ஜூல். உச்ச τ-வை π/2-ஆல் பெருக்கியிருந்தால் சுமார் 184700 வந்திருக்கும், இரு முனைகளின் சராசரியைப் போட்டிருந்தால் 92400. இரண்டுமே தப்பு. சரிபார்க்க ஒரு வழி: மரத்தின் நிறை மையம் 10 மீ இறங்குகிறது, Mgh = 1200 × 9.8 × 10. அதே 117600. இன்னொன்று, sin θ-வைத் தொகையிட்டால் −cos θ என்பது ரேடியனில்தான் உண்மை. வரம்புகளை டிகிரியில் எழுதலாம், dθ ரேடியன்தான்.

இந்த வேலை முழுக்க இயக்க ஆற்றலாகிறது: W = ½Iω². அடியைச் சுற்றி I = ML²/3 = 160000. ஆக ω ≈ 1.21 ரேடியன்/வினாடி. நுனியின் வேகம் ωL ≈ 24 மீ/வினாடி, மணிக்கு 87 கிலோமீட்டர். முதல் 60 டிகிரியில் கிடைப்பது பாதி ஆற்றல்தான், மீதிப் பாதி கடைசி 30 டிகிரியில் வந்துவிடுகிறது. முதலில் மடமடவென்று சத்தம், மரம் யோசிப்பது போல மெதுவாக நகரும், பிறகு கண் இமைப்பதற்குள் தரையில் கிடக்கும். காரணம் இதுதான்.

மலைச்சரிவுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். சரிவு 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகையீடு அதேதான், மேல் வரம்பு மட்டும் மாறுகிறது. மேட்டுப் பக்கம் விழுந்தால் 60 டிகிரியிலேயே தரை வந்துவிடும்: W = 58800 ஜூல், நுனி மணிக்குச் சுமார் 62 கி.மீ. பள்ளத்துப் பக்கம் விழுந்தால் 120 டிகிரி சுழல வேண்டும். cos 120° = −0.5 என்பதால் W = 176400 ஜூல், நுனி மணிக்கு 107 கி.மீ. அதே மரம், அதே ரம்பம், ஆற்றல் மட்டும் மூன்று மடங்கு. பள்ளத்தில் விழுந்த மரம் நடுவில் பிளந்து கிடப்பதும், பிறகு சரிவில் வழுக்கிக்கொண்டு போவதும் சும்மா இல்லை. சரிவுக்குக் குறுக்காகச் சாய்த்தால் 90 டிகிரிக் கணக்கே பொருந்தும்.

நிஜ மரம் இவ்வளவு ஒழுங்காக நடக்காது. அந்த வெட்டின் வாய் மூடியதும் கீல் பிய்ந்துவிடும். அதற்குப் பின் அடிமரம் அசையாத அச்சு இல்லை, I = ML²/3 என்பதும் அங்கே நிற்காது. கீலின் நார்களும் இலைக்கொத்தில் படும் காற்றும் எதிர்த் திருப்பு விசை தருகின்றன. அவற்றையும் இதே போல ∫ τ dθ போட்டுக் கழிக்க வேண்டும். கழித்தால் வேகம் குறையும்.

ஆனால் மரம் மேலே போகப் போக மெலிவது நேர்மாறு. கூம்பு போல மெலிந்தால் நிறை மையம் L/4-இல், I = ML²/10. ஆற்றல் பாதியாகிறது, ஆனால் I அதைவிட அதிகமாகக் குறைவதால் ω² = 5g/L. ஒரே பருமனுள்ள மரத்துக்கு அது 3g/L தான். சமதரையில் நுனி வேகம் வினாடிக்கு 31 மீட்டர் ஆகிவிடுகிறது.

எவ்வளவு நேரத்தில் விழும் என்பதை இந்த வழி சொல்லாது. 3 டிகிரி சாய்விலிருந்து தொடங்கினாலும் 1 டிகிரியிலிருந்து தொடங்கினாலும் W கிட்டத்தட்ட ஒன்றுதான், நேரம் நன்றாகவே வேறுபடும். நேரம் வேண்டுமானால் ω-வை θ-வின் சார்பாக எழுதி, dt = dθ/ω என்று இன்னொரு முறை தொகையிடுங்கள். அதற்கு எளிய விடை கிடையாது, கணினியில் எண்முறையில்தான் போட வேண்டும்.