ஸ்பானிஷில் விடைபெறும் உரை: முதல் வரியிலேயே மாறிப்போகும் அர்த்தம்

கேள்வி: மெக்சிகோவின் கெரெத்தாரோவில் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் 9 வருடமாக உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறேன். ஆலையில் நடக்கும் மதிய விருந்தில் ஸ்பானிஷில் 3 நிமிடம் பேசச் சொல்கிறார்கள். லைனில் வேலை வாங்கும் அளவுக்கு மொழி வரும், மேடையில் பேசியதில்லை. ஆங்கிலத்தில் எழுதி, அகராதியைப் பார்த்து மாற்றினேன். அலுவலகத்தில் ஒருவரிடம் வாசித்துக் காட்டினால், சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டார். எங்கே தப்பு? உரையை இணைத்திருக்கிறேன்.

பதில்: முதல் வரியிலேயே இருக்கிறது. 'ஓய் சொய் தெஸ்பெதிதோ' என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். 'இன்று நான் விடைபெறுகிறேன்' என்பது உங்கள் எண்ணம். கேட்பவர் காதில் விழுவது 'இன்று என்னை வேலையை விட்டு நீக்குகிறார்கள்' என்பது. ஸ்பானிஷில் வழியனுப்புவதும் வேலையை விட்டுத் தூக்குவதும் ஒரே வினையிலிருந்து வருகின்றன. வழியனுப்பு நிகழ்ச்சி 'தெஸ்பெதீதா'. பணிநீக்கம் 'தெஸ்பீதோ'. நானாக விடைபெற்றால் முன்னால் 'மே' என்ற சின்னச் சொல் வந்தாக வேண்டும்: 'ஓய் மே தெஸ்பீதோ தே உஸ்தேதெஸ்', இன்று உங்களிடமிருந்து விடைபெறுகிறேன். ஆலைத் தொழிலாளிக்குப் பணிநீக்கம் என்பது பயம் தரும் சொல். அதனால் இந்த வரியை மட்டும் நூறு தடவை சொல்லிப் பாருங்கள்.

பணி ஓய்வுக்கு இன்னும் நேரடியான சொல்லும் உண்டு: 'மே ஹுபீலோ', ஓய்வு பெறுகிறேன். இதே வேரில் 'ஹூபிலோ' என்றால் பெருமகிழ்ச்சி. ஓய்வு என்ற சொல் மகிழ்ச்சி என்ற சொல்லோடு பிறந்தது என்று தொடங்கும் ஓய்வு உரைகளை ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் அடிக்கடி கேட்கலாம். நீங்களும் அப்படிச் சொல்லலாம், ஆனால் அழுத்தத்தைக் கவனியுங்கள். ஓய்வுக்கு நடு அசையில் அழுத்தம், மகிழ்ச்சிக்கு முதல் அசையில். அழுத்தம் கலைந்தால் சிலேடை போய்விடும்.

அடுத்து, நன்றி சொல்லும் பத்தி. 'கிராசியாஸ் போர் சொப்போர்த்தார்மே' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலச் சொல்லின் சாயலைப் பார்த்து 'ஆதரவு தந்ததற்கு நன்றி' என்று நினைத்துவிட்டீர்கள். அதன் பொருள் 'என்னைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி'. தெரிந்தே சொன்னால் அது நல்ல வரிதான். இங்குள்ள மேலாளர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், கூட்டம் ரசிக்கும். தெரியாமல் சொல்லிவிட்டு மற்றவர்கள் சிரிக்கும்போது திகைத்து நின்றால்தான் சங்கடம். ஆதரவுக்குச் சரியான சொல் 'அப்போயோ'. 'கிராசியாஸ் போர் சு அப்போயோ' என்று எழுதுங்கள். உங்கள் அலுவலகத்தில் கேட்டவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனது அநேகமாக அதற்கு அடுத்த வரியில்தான். மனம் நெகிழ்ந்திருக்கிறது என்பதற்கு 'எஸ்தோய் எக்ஸித்தாதோ' என்று போட்டிருக்கிறீர்கள். அது உடல் இச்சையைக் குறிக்கும் சொல், மேடையில் வரவே கூடாது. 'எஸ்தோய் எமோசியோனாதோ' என்பதே நீங்கள் சொல்ல நினைத்தது. நெகிழ்ச்சி, பரவசம் இரண்டுக்கும் அது பொருந்தும்.

இந்த இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்த தவறுகள். ஆங்கிலத்தில் யோசித்து, ஒத்த உருவத்தில் இருந்த சொல்லை அகராதியிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். இந்த உரையை ஆங்கிலம் வழியாகத் திருத்தாமல், லைனில் தினமும் பேசும் ஸ்பானிஷிலேயே மறுபடி எழுதுங்கள். வாக்கியங்கள் சின்னதாக இருக்கும், ஆனால் உங்களுடையதாக இருக்கும்.

காபி பற்றிய பத்திதான் உங்கள் உரையின் உயிர். அதை வெட்டிவிடாதீர்கள். 9 வருடமும் காலை ஷிஃப்டில் ஒரு அம்மா உங்கள் மேசைக்குக் காபி கொண்டுவந்ததை எழுதியிருக்கிறீர்கள். அங்கே 'மே த்ராஹோ உன் கஃபே' என்று இருக்கிறது. இப்படிச் சொன்னால் அவர் ஒரே ஒரு தடவை காபி கொண்டுவந்தார் என்று ஆகும். ஸ்பானிஷில் கதை சொல்ல முக்கியமாக உதவும் இறந்தகாலம் இரண்டு. முடிந்துபோன ஒற்றைச் செயலுக்கு ஒன்று, வழக்கமாக நடந்ததற்கும் அப்போதைய நிலைமைக்கும் இன்னொன்று. தமிழில் 'கொண்டுவந்தார்', 'கொண்டுவருவார்' என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அந்த வேறுபாடு. தினமும் கொண்டுவருவார் என்பதற்கு 'மே த்ராயீயா உன் கஃபே' என்று வர வேண்டும். ஒரு அசை மாறினால் ஒன்பது வருடக் காபி ஒரு கோப்பையாகச் சுருங்கிவிடும்.

அதே பத்தியின் தொடக்கத்தில் இரண்டு காலமும் ஒரே வரியில் வருகின்றன, அது சரியாகவே அமைந்திருக்கிறது: 'குவாந்தோ யெகே, நோ சபீயா நாதா'. 'வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது.' வந்தது ஒருமுறை, அதனால் 'யெகே'. தெரியாமல் இருந்தது நிலைமை, அதனால் 'சபீயா'. இந்த வரியை அப்படியே வைத்துக்கொண்டு, கதை சொல்லும் மற்ற வினைகளையும் இதே கேள்வியால் சோதியுங்கள். ஒருமுறை நடந்ததா, எப்போதும் நடந்துகொண்டிருந்ததா?

இன்னொரு விஷயம், இது தமிழர்களுக்கே உரியது. நீங்கள் அனுப்பிய படத்தில் உரையைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள். இங்கே விளக்குவதற்காக நானும் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். ஆனால் மேடைக்குக் கொண்டுபோகும் தாளில் அது வேண்டாம். 'அம்பு', 'பந்து' என்று படிக்கும்போது மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் நம் வாயில் தானாகவே மென்மையாகிவிடும். ஸ்பானிஷில் அப்படி ஆகாது. உங்கள் உரையில் அதிகம் வரும் சொல் 'கொம்பஞேரோஸ்', சக பணியாளர்கள். தமிழ் எழுத்தைப் பார்த்தால் அதை 'அம்பு' போலவே படித்துவிடுவீர்கள். உதட்டை மூடித் திறக்கும்போது 'பாப்பா' என்பதில் வருகிற கடினமான ப வர வேண்டும். நேரத்தைக் குறிக்கும் 'தியெம்போ', எப்போதும் என்ற 'சியெம்ப்ரே' எல்லாவற்றிலும் இதே சிக்கல். இன்னும் மோசமான ஜோடி ஒன்று உண்டு. 'எவ்வளவு' என்ற சொல்லும் 'எப்போது' என்ற சொல்லும் ஸ்பானிஷில் ஒரே ஒரு மெய்யில்தான் வேறுபடுகின்றன. தமிழில் எழுதினால் இரண்டுமே 'குவாந்தோ'தான். கையிலிருக்கும் தாள் அந்த வித்தியாசத்தைக் காட்டாது. அதனால் ஸ்பானிய எழுத்திலேயே பெரிதாக எழுதி, அழுத்தம் விழும் அசையின் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

நமக்குச் சாதகமும் இருக்கிறது. உயிரொலிகள் ஐந்தும் தமிழ் அ, இ, உ, எ, ஒ போலச் சுத்தமானவை. 'தெஸ்பெதீதா' என்பதில் உயிர்களுக்கு நடுவே வரும் த, 'பாதை'யில் வரும் த-வைப் போன்றது. ஆங்கிலம் பேசுபவர்கள் அதற்குப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கும், உங்களுக்குத் தானாக வரும். ஞ நம் எழுத்திலேயே இருக்கிறது. அதை மட்டும் சோம்பலில் ன ஆக்கிவிடாதீர்கள். 'நுவேவே ஆஞோஸ்' ஒன்பது வருடம். 'ஆனோஸ்' என்றால் ஆசனவாயின் பன்மை.

சரி, யாரை எப்படி அழைப்பது? மெக்சிகோவில் கூட்டத்தை 'உஸ்தேதெஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்பெயினில் நெருக்கமானவர்கள் கூட்டத்தை 'வொசோத்ரோஸ்' என்பார்கள். நீங்கள் வாங்கிய பாடப்புத்தகம் ஸ்பெயினில் அச்சானதாக இருக்க வேண்டும், அதனால் உங்கள் உரையில் இரண்டும் கலந்திருக்கின்றன. 'உங்களை நினைத்து ஏங்குவேன்' என்பதற்கும் ஸ்பெயின் வழக்கான 'ஓஸ் வோய் ஆ எச்சார் தே மேனோஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை 'லோஸ் வோய் ஆ எக்ஸ்த்ராஞார்' என்று மாற்றுங்கள். ஆலைக்காரர்கள் வீட்டில் சொல்வது அதுதான்.

பெயர் சொல்லும்போது, ஒவ்வொருவரையும் தினமும் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். இங்கே பட்டம் கூப்பிடும் சொல்லாகவே வழங்குகிறது. பொறியாளரை 'இன்ஹெனியேரோ' என்றும், பட்டதாரி அலுவலர் பெண்ணை 'லிசென்சியாதா' என்றும் அழைப்பது மரியாதை. வயதில் மூத்த தொழிலாளியைப் பெயருக்கு முன் 'தோன்' சேர்த்து அழைப்பது நம் ஊர் 'ஐயா' போல. பெண்களுக்கான 'தோஞா' மட்டும் கொஞ்சம் யோசித்துப் போட வேண்டியது. தன்னைக் கிழவியாக்கிவிட்டதாகச் சிலர் நினைப்பார்கள். இயக்குநரின் பெயரை முதலில் சொல்லி முடித்துவிட்டு, கூடுதல் நேரத்தை லைன் ஆட்களுக்குக் கொடுங்கள்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பியது 520 சொற்கள். உங்கள் வேகத்தில் அது ஐந்து நிமிடத்தைத் தாண்டும். 280 சொற்களுக்குள் கொண்டுவந்தால் நிறுத்தி மூச்சு விடவும், கைதட்டல் அடங்கும் வரை காத்திருக்கவும் இடம் கிடைக்கும். உற்பத்தி எண்ணிக்கை வரும் இரண்டு பத்திகளை எடுத்துவிட்டாலே போதும். மதியம் என்பதால் தொடக்கம் 'புவேனாஸ் தார்தெஸ் ஆ தோதாஸ் இ ஆ தோதோஸ்'. பெண்களையும் ஆண்களையும் தனித்தனியே வணங்கும் முறை அது.

முடிவுக்கு நீங்கள் வைத்திருக்கும் 'இந்தியாவுக்கு வந்தால் என்னைப் பாருங்கள்' என்ற வரியை மெக்சிகோக்காரர் பாணியில் சொல்லலாம். இங்கே தன் வீட்டையே எதிரில் இருப்பவரிடம் 'உங்கள் வீடு' என்று குறிப்பிடுவது மரியாதை வழக்கு. 'என் சென்னை தியேனென் சு காசா', சென்னையில் உங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. அதற்குப் பிறகு 'முச்சாஸ் கிராசியாஸ்', அவ்வளவுதான்.

மரியாச்சி இசைக் குழுவைக் கூப்பிட்டிருந்தால் நீங்கள் மைக்கை வைத்ததும் 'லாஸ் கொலொந்த்ரீனாஸ்' என்ற பாடலைத் தொடங்கக்கூடும். தூரம் போகும் தகைவிலான் குருவிகளைப் பற்றிய அந்தப் பாட்டை மெக்சிகோவில் வழியனுப்பும் இடங்களில் பாடுவார்கள், சவ அடக்கத்திலும் பாடுவார்கள். பாட்டு நடுவிலேயே ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்து முதுகில் தட்டுவார்கள். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். உரைத் தாளை முன்னாடியே சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.