பழுப்பேறிய தாளில் மங்கிய பென்சில் எழுத்து: சிவப்பு சேனலில் தேடுங்கள்

"கல்லிடைக்குறிச்சியில் தாத்தா எழுதி வைத்த நெல் கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. முழுக்கப் பென்சில். தாள் பழுத்துப்போய் எழுத்தே தெரியவில்லை. போனில் கறுப்பு-வெள்ளையாக ஸ்கேன் செய்தால் பாதி எழுத்து காணாமல் போகிறது, இல்லாத புள்ளியெல்லாம் வருகிறது. தட்டச்சு செய்யும் முன் இதை எப்படித் தெளிவாக்குவது?"

கறுப்பு-வெள்ளை ஸ்கேனை முதலில் விட்டுவிடுங்கள். மங்கலான கோட்டை அது வெள்ளைக் கணக்கில் தள்ளிவிடும், கறையைக் கறுப்பாக்கிவிடும். அதற்குப் பிறகு எதைத் திருகினாலும் போனது திரும்பாது. வண்ணத்தில், 400 அல்லது 600 டிபிஐயில், ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்களை அணைத்துவிட்டு, TIFF கோப்பாக எடுங்கள். பின்பக்க எழுத்து ஊடே தெரிந்தால் தாளுக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள்.

பென்சிலின் கிராஃபைட் வெயிலில் வெளுக்கிற சாயம் அல்ல, கரி. கொஞ்சம் உரசலில் உதிர்ந்திருக்கும். மிச்சம் இருப்பது தெரியாததற்குக் காரணம் தாள் பழுத்ததுதான். மஞ்சள் தாள் நீல ஒளியை விழுங்கும், சிவப்பை அப்படியே திருப்பி அனுப்பும். கிராஃபைட் சாம்பல் நிறம் என்பதால் படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறச் சேனல்களையும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைக்கும். ஒரு மாதிரிக்கு, 0 முழு இருட்டு, 255 முழு வெளிச்சம் என்ற அளவில், வெறும் தாளில் சிவப்பு 215, நீலம் 140 என்று வைத்துக்கொள்வோம். பென்சில் கோட்டில் அவை 165, 108 ஆகும். சிவப்பில் இடைவெளி 50, நீலத்தில் 32 மட்டுமே. பழுப்புக் கறையோ சிவப்பில் 205, நீலத்தில் 95 என்று நிற்கும். அதாவது சிவப்பில் பென்சில் தங்கும், கறை கரையும்.

இலவச மென்பொருளான GIMP போதும். `Colors > Components > Decompose` போய் `RGB` தேர்ந்தெடுத்தால் சேனலுக்கு ஒன்றாக மூன்று அடுக்குகள் வரும். சிவப்பு அடுக்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறைத்துவிடுங்கள். அப்புறம் சிவப்பு அடுக்கை நகலெடுத்து, மேலே உள்ள நகலுக்கு `Gaussian Blur` 60 பிக்சல் அளவில் கொடுத்து, அதன் `Mode`-ஐ `Divide` ஆக்குங்கள். ஓரத்து இருட்டு, மடிப்பின் நிழல், பெரிய கறை எல்லாம் சமமாகித் தாள் வெளுக்கும். மங்கலாக்கும் அளவு மிகச் சிறிதாக இருந்தால் எழுத்தும் சேர்ந்து வெளிறும். அப்போது 100க்கு ஏற்றிப் பாருங்கள். படத்தை `Flatten` செய்து, `Colors > Levels`-இல் கறுப்பு முனையை 150 பக்கமும் வெள்ளை முனையை 245 பக்கமும் கொண்டுவாருங்கள். தாளின் நார் மணல்போலத் தெரிய ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டீர்கள், கொஞ்சம் பின்வாங்குங்கள்.

விதிவிலக்கு இரண்டு. சரிபார்த்தவர் சிவப்புப் பென்சிலில் அடித்த குறிகள் சிவப்பு சேனலில் மறைந்துவிடும். ஊதா நிறக் காப்பியிங் பென்சிலும் அதில் மங்கும். இரண்டுக்கும் பச்சை சேனலைப் பாருங்கள்.

தமிழ் வாசிக்கும்போது உண்மையான தலைவலி மெய்ப்புள்ளிதான். 'கார்', 'பிசானம்' என்று நெல் பருவத்தின் பெயரைத் தாத்தா போகத்துக்குப் போகம் எழுதியிருப்பார். அந்த 'ர்' மேல் இருப்பது புள்ளியா, பழுப்புக் கறையா? தெளிவாக்கிய படத்தில் முழுக்கக் கரையாத கறையும் புள்ளிபோலவே இருக்கும். மூல வண்ணப் படத்தில் அந்த இடத்தை நிறம் எடுக்கும் கருவியால் தொட்டு, பக்கத்துத் தாளோடு ஒப்பிடுங்கள். சிவப்பும் நீலமும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் பென்சில். நீலம் மட்டும் பாதாளத்துக்குப் போயிருந்தால் கறை. அந்தக் காலத்தில் சிலர் புள்ளியே வைக்காமலும் எழுதினார்கள், அதனால் இல்லாத புள்ளியை நீங்களாகப் போடாதீர்கள்.

எண்களுக்கு உங்கள் ஊர் அளவையே காவல். நெல்லைப் பக்கம் நெல் அளவையில் ஒரு கோட்டைக்கு 21 மரக்கால். ஆகவே மரக்கால் இடத்தில் 21ஓ அதற்கு மேலோ படித்தால் வாசிப்பைச் சந்தேகியுங்கள். பெரும்பாலும் 1ஐ 7 என்றோ, கறையைக் கோடு என்றோ எடுத்திருப்பீர்கள். பக்கத்தின் கூட்டுத்தொகையையும் போட்டுப் பாருங்கள். 3 கோட்டை 14 மரக்காலும் 2 கோட்டை 11 மரக்காலும் சேர்ந்தால் 6 கோட்டை 4 மரக்கால் வரவேண்டும். தாத்தா அடியில் வேறு தொகை எழுதியிருந்தால் அவர் எழுதியதையே தட்டச்சுங்கள், உங்கள் கணக்கை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கரி முழுக்க உதிர்ந்த இடத்தில் எந்தச் சேனலும் உதவாது. ஆனால் அழுத்தி எழுதியவர் என்றால் தாளில் பள்ளம் இருக்கும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்து, போனை நேர் மேலே பிடித்துப் படம் எடுங்கள். ஒளியை இரண்டு திசையில் மாற்றி எடுப்பது நல்லது, ஒளி போகும் திசையிலேயே ஓடுகிற கோடு ஒரு படத்தில் தெரியாது. தெரியட்டும் என்று எழுத்தின் மேல் புதுப் பென்சிலை ஓட்டுவது, எண்ணெய் தடவுவது, அழிப்பானால் கறையை எடுப்பது ஆகிய மூன்றும் வேண்டவே வேண்டாம். தட்டச்சில் சந்தேக எழுத்தை [?] என்றும், படிக்கவே முடியாததை [...] என்றும் இட்டு, எந்தப் படத்தைப் பார்த்துப் படித்தீர்கள் என்பதையும் கோப்பின் பெயரிலேயே குறித்து வையுங்கள்.