பேச்சுவழக்கு எப்படி ‘தரமொழி’ ஆகிறது?

கேள்வி: ஊர்ப்பேச்சு எப்படிப் பள்ளி, அரசு வரை போகும் தரமொழியாக மாறுகிறது?

நார்வேயின் இரு எழுத்துமொழிகளில் ஒன்றான நியூநோர்ஸ்க்கைப் பாருங்கள். அங்கே முன்பு டேனிஷ்தான் எழுத்துமொழியாக இருந்தது. விவசாயி மகனான ஈவார் ஓசன் 1842 முதல் நான்கு ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றி வட்டார வழக்குகளைக் குறித்தார். 1848இல் இலக்கணம், 1850இல் அகராதி வெளியிட்டார்.

அவர் எந்த ஓர் ஊரின் பேச்சையும் அப்படியே எடுக்கவில்லை. வழக்குகளை ஒப்பிட்டு, இவற்றின் மூதாதையான பழைய நோர்ஸ் மொழிக்கு நெருங்கிய வடிவங்களைத் தேர்ந்தார். உதாரணமாக, ‘காலம்’ என்பதைப் பெரும்பாலோர் ‘டீ’ என்றார்கள். அவரோ பழைய வடிவத்தை நினைவூட்டும் ‘d’ எழுத்தைக் கடைசியில் வைத்தே எழுதினார். இதனால் பல ஊர்க்காரர்களுக்கும் ஒரே எழுத்துவடிவம் பொருந்தியது. ஆனால் தாங்கள் பேசாததையும் எழுதக் கற்க வேண்டியிருந்தது.

சரி, புத்தகம் மட்டும் போதுமா? போதாது. 1885இல் நாடாளுமன்றம் இந்தப் புதிய எழுத்துமொழிக்கு டேனிஷுக்குச் சமமான தகுதி தந்தது. 1892இல் பள்ளிகளின் மொழியை உள்ளூர் வாரியங்களே தேர்ந்தெடுக்க வழி வந்தது. எனக்கு இதுவே தீர்மானமான படி: பாடநூல், ஆசிரியர், தேர்வு என எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் தேவைப்பட்டது. 1901இல் அதிகாரபூர்வ எழுத்துக்கூட்டல் வந்தது.

ஆனாலும் நகரங்கள் டேனிஷிலிருந்து வளர்ந்த பூக்மோலிலேயே நின்றன. இன்றும் பெரும்பான்மை மாணவர்களின் முதன்மை எழுத்துமொழி அதுதான்.