குழு வேலை என்றாலே ஒதுங்கும் மூன்றாம் வகுப்புப் பையன்

கேள்வி: என் வகுப்பில் எட்டு வயதுப் பையன் ஒருவன் தனியாகக் கொடுத்தால் எல்லாம் செய்கிறான். குழு வேலை என்றால் நோட்டை மூடிவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறான். இடம் மாற்றி உட்கார வைத்தால் சரியாகுமா?

பதில்:

இடம் பாதி வேலையைச் செய்யும். மீதியைச் செய்வது அவனுக்குக் கொடுக்கும் பொறுப்பு. முதலில் அவன் எந்த நேரத்தில் நோட்டை மூடுகிறான் என்று பாருங்கள். பிள்ளைகள் எழுந்து இடம் மாறும்போதே மூடினால், பெரும்பாலும் சத்தமும் நெரிசலும்தான் காரணம். உட்கார்ந்து, பொருள்களெல்லாம் கைக்கு வந்த பிறகு மூடினால், “சேர்ந்து செய்யுங்க” என்பதில் தன் பங்கு எது என்று தெரியாமல் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாயில் வட்டமாக உட்கார்ந்தால் எல்லா முகமும் அவனைப் பார்த்தபடி இருக்கும். அதனால் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மெதுவாகப் பேசும் ஒரு பிள்ளை என்று ஓரமாக இடம் கொடுங்கள். இருவரும் ஒரே தாளைப் பார்த்துத் தோளோடு தோளாக உட்காரட்டும். வகுப்பிலேயே வேகமான பிள்ளையைப் பக்கத்தில் போடாதீர்கள், அவன் செய்வதற்குள் அது செய்து முடித்துவிடும். “சேர்றியா?” என்றும் கேட்க வேண்டாம், “இல்லை” என்று சொல்ல அதுவே வழி. “சுவர் ஓரமா, ஜன்னல் ஓரமா?” என்று கேளுங்கள். இரண்டு இடமும் குழுவுக்குள்ளேயே இருக்க வேண்டும், மற்றவர்கள் உட்காரும் முன்பே அவன் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். சில வாரங்களுக்கு அந்த இடத்தை மாற்றாதீர்கள்.

குழுவில் மூன்று பேர் போதும். எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்திருந்தாலும், அதற்குள்ளேயே மும்மூன்று பேராக உட்கார வைக்கலாம்.

இனி பொறுப்பு. என் வகுப்பில் இதே மாதிரி ஒரு சிறுமி இருந்தாள். நீளம் அளக்கும் பாடத்தில் தையல் டேப்பை வைத்து மேசை, ஜன்னல், கரும்பலகை மூன்றையும் அளக்க வேண்டும். ஒருவர் பூஜ்ஜிய முனையை விளிம்பில் பிடிப்பது, ஒருவர் மறுமுனையை இழுத்து எண்ணை வாசிப்பது, ஒருவர் அட்டவணையில் எழுதுவது. அவளுக்குப் பூஜ்ஜிய முனையைக் கொடுத்தேன். ஒவ்வொருவரின் வேலையையும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தேன். அவள் அட்டையில் இரண்டே வரி: “0 விளிம்பில் சரியாக இருக்கட்டும். வாசித்து முடிக்கும் வரை விடாதே.” வாயைத் திறக்கவே தேவையில்லாத வேலை, ஆனால் அவள் பிடிக்காமல் அளவே வராது. இந்த வயதில் பலர் 1 என்ற கோட்டை விளிம்பில் வைத்து அளப்பார்கள், எண் ஒன்று கூடிவிடும். அவள் குழுவில் ஒரு பையன் மேசையின் ஓரத்தில் வாசிக்கும்போது டேப்பை இழுத்துவிட்டான். “இருடா, பூஜ்ஜியம் நகந்துடுச்சு” என்றாள். குழுவுக்குள் அவள் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அதுதான்.

பொறுப்புகளைப் பேச்சின் அளவை வைத்து வரிசைப்படுத்துவேன். முனையைப் பிடிக்கப் பேச்சே வேண்டாம். வாசிக்க ஒரு எண் சொன்னால் போதும். எழுதுபவர்தான் “திரும்பச் சொல்லு” என்று கேட்கவும், சரிபார்க்கவும் வேண்டும். ஒன்றில் அவன் இயல்பாக இருக்கும்போது அடுத்ததற்கு நகர்த்துங்கள். பொறுப்பு மாறும் வாரத்தில் இடம் அதேதான், பக்கத்தில் இருப்பவரும் அதே பிள்ளைதான்.

நிறைய பேர் “நேரம் பார்ப்பவர்”, “அமைதி காப்பவர்” என்று கொடுப்பார்கள். எனக்கு இவை பிடிப்பதில்லை. அவன் எழுந்து போனாலும் அந்தக் குழுவின் வேலை நடக்கும், அவனுக்கும் அது தெரியும். “தலைவர்” பதவியும் அப்படித்தான், அதோடு பேச்சுச் சுமை முழுவதும் அவன் மேல் விழும். அவன் இல்லாவிட்டால் வேலை நின்றுபோகுமா என்று மட்டும் பாருங்கள். நிற்காது என்றால் வேறு பொறுப்பு யோசியுங்கள்.

இன்னொரு சிக்கலும் வரும். அவன் மெதுவாகச் செய்தால் மற்ற பிள்ளைகள் அவன் கையிலிருந்து பிடுங்குவார்கள். அப்போது அவனிடம் ஒன்றும் சொல்லாமல், பிடுங்கிய பிள்ளையிடம் “உன் அட்டையில என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டால் போதும். தன் பங்கை முடித்தபின் அவன் பழைய இடத்துக்குப் போக விரும்பினால் போகட்டும். முடிவு எங்கே என்று தெரிந்தால்தான் அடுத்த முறை வந்து உட்காருவான்.

இத்தனைக்குப் பிறகும் மாற்றம் இல்லையென்றால், சத்தமான நேரத்தில் மட்டும் “என்ன, என்ன” என்று கேட்கிறானா, ஒரே காதைத் திருப்பிக் கேட்கிறானா என்று கவனித்து, பெற்றோரிடம் சொல்லிக் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இடைவேளையிலும் யாரோடும் சேராமல் இருந்தால், காதைப் பிடித்துக்கொண்டு அழுதால், வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரை வகுப்புக்கு வரவழைத்து அவனை நேரில் பார்க்கச் சொல்லுங்கள்.